சுவரில் ஓதம் இறங்கினால் ஓனரிடம் பெயின்ட் கேட்காதீர்கள்

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை மழைக்காலம். இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டிலும் சுவரில் ஓதம் இறங்கும், பூஞ்சணம் பூக்கும், பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் படரும். உடனே ஓனருக்குப் போன் போடுவோம்: "அண்ணாச்சி, சுவரெல்லாம் நாசமாயிட்டு, கொஞ்சம் பெயின்ட் அடிச்சுத் தாங்க." பெரும்பாலான வீடுகளில் முதல் தவறே இதுதான். பெயின்ட் கேட்டால் பெயின்ட்தான் கிடைக்கும். ஓணத்துக்கு முன்னால் ஆள் வந்து, உரிந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளையடித்துவிட்டுப் போவார். அடுத்த ஜூனில் அதே இடத்தில் பட்டி பொருக்குப் பொருக்காக உதிரும். செலவு செய்தாயிற்று என்று அவருக்குக் கோபம், ஒன்றும் சரியாகவில்லை என்று நமக்குக் கோபம்.

கேட்க வேண்டியது தண்ணீர் வரும் வழியை அடைக்கத்தான். அதற்கு, எந்த வழியாக வருகிறது என்று ஓரளவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ராத்திரி பகல் இருப்பது நாம்தானே, ஓனருக்கு எப்படித் தெரியும்?

இந்த ஊரில் இரண்டு மழை இருப்பது இதற்கு நல்ல துணை. ஜூன், ஜூலை மழை பெரும்பாலும் தென்மேற்குக் காற்றோடு அடிக்கிறது, அதனால் மேற்கு, தெற்குச் சுவர்கள் அதிகம் நனையும். ஜூலையில் ஊறி, ஆவணியில் காய்ந்து, ஐப்பசியில் எவ்வளவு கொட்டினாலும் காய்ந்தே கிடக்கிற சுவர் என்றால், வெளியிலிருந்து சாரல் ஏதோ வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. எந்த மழையானாலும் தரையிலிருந்து மூன்றடிக்குள் மட்டும் ஈரம், அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, மழை விட்டுப் பல நாள் ஆகியும் காயவில்லை என்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மாசி வெயிலிலும் ஒரே இடம் ஈரமாக இருந்தால் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை, உள்ளே ஏதோ பைப் கசிகிறது, அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். மேற்குப் படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலே வலது மூலையிலிருந்து கீழே வழிந்தது போல ஒரு கறை. வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் போகவில்லை. "ரூமுக்குள்ள துணி காயப்போட்டா அப்படித்தான்" என்று ஓனர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, அடைத்த அறையில் ஈரத்துணி போட்டால் பூஞ்சணம் வரத்தான் செய்யும். அதனால் சண்டை போடாமல் ஒரு சோதனை செய்தார்கள். அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, கறை மேல் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டார்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். சுவரைத் தொட்ட பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். இங்கே சுவர்ப் பக்கம்தான் வியர்த்திருந்தது.

அப்புறம் போட்டோக்களைத் தேதியோடு அடுக்கிப் பார்த்தார்கள். ஜூனில் தொடங்கியது, ஐப்பசியில் இல்லை. வெளியே ஏணி போட்டுப் பார்த்தால், சன்ஷேடு மேல் இலையும் சருகும் மக்கிக் கிடந்தது, அதை வாரியதும் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் வெடிப்பு தெரிந்தது. இவ்வளவையும் கோர்த்து ஓனருக்கு அனுப்பிய மெசேஜ் கிட்டத்தட்ட இப்படித்தான்: "அண்ணாச்சி, மேற்கு ரூம் ஜன்னலுக்கு மேல வலது மூலையில தண்ணி இறங்குது. ஜூன்ல தொடங்குது, ஐப்பசி மழைக்கு இல்ல. சன்ஷேடு சுவரோட சேருற இடத்துல வெடிப்பு இருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன். பெயின்ட் இப்ப வேண்டாம். தை மாசம் கொத்தனாரோட ஒரு நாள் வாங்க, நேர்ல காட்டறேன்."

அந்த "தை மாசம்" முக்கியம். கொட்டும் மழையில் உடனே வேலை நடக்க வேண்டும் என்று நிற்பது அடுத்த தவறு, ஈரச் சுவரில் எந்தப் பூச்சும் பிடிக்காது. "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வெயில் வந்ததும் நாமே மறந்துவிடுவது இன்னொன்று. மழையில் காட்டுங்கள், வேலைக்குத் தை, மாசி என்று அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், மார்கழிக் கடைசியில் ஒரு முறை நினைவுபடுத்துங்கள்.

தையில் ஓனர் வந்தார். அவர் உள்ளே நிற்க, சன்ஷேடு மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் அதே மூலை கறுத்தது. அதற்குப் பிறகு பேச்சே வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, சுத்தம் செய்து அடைத்து, தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரியும்படி வாட்டர்புரூஃப் கலவையில் சன்ஷேடு மேலே பூசினார். உள்ளே ஊறிப்போன பட்டியைச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டார்கள். சுவர் காய, கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டாலும், வேலை முடிந்த வாரமே பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஈரம் அதைத் தள்ளிவிடும். இவர்கள் சித்திரை வரை காத்திருந்தார்கள்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் இவ்வளவு சுலபத்தில் தீராது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு இருக்காது. ஆனால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள்: சுவரோரம் மண்ணோ மணலோ வீட்டின் தரைமட்டத்துக்கு மேல் குவிந்திருக்கிறதா, முற்றத்துச் சிமென்ட் சுவரைப் பார்த்துச் சரிகிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? மண்ணை வெட்டித் தள்ளுவதும் தண்ணீரைத் திருப்பிவிடுவதும் செலவு குறைந்த வேலை, ஓனரும் மறுக்க மாட்டார். அதைச் செய்யாமல் உள்ளே டைல்ஸ் ஒட்டித் தரச் சொன்னால், ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் பூக்கும்.

கறுப்புப் பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், பொடி வீடெங்கும் பறக்கும், இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்க வேண்டாம், அதில் விஷவாயு வரும்.

எவ்வளவு கேட்டும் செய்யவில்லை என்று வாடகையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுதும் சுவருக்கு வெள்ளையடிப்பதும் ஓனர் பொறுப்பு. அதே சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லவும் அது காரணமாகும். நிறுத்தினால் நம் பக்கத்து நியாயத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம். வாடகையைக் கொடுத்துக்கொண்டே, எழுத்தில் கேளுங்கள். பாறசாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கேரளச் சட்டம், அது வேறு, அங்கே உள்ள வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது, எந்த அறையில் எந்தச் சுவரில் ஓதம் ஏற்கெனவே இருந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போட்டோவும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அந்தச் சுவரைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்க யாராவது முயன்றால், எடுத்துக் காட்ட அது இருக்கும்.