டிக் நிறைந்த காலண்டரும் ஏறாத மதிப்பெண்ணும்

என் அக்கா மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். சுவரில் ஒரு மாதக் காலண்டர், பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் சிவப்புப் பேனா. ஆறு மணி நேரம் படித்த நாளுக்கு ஒரு டிக். 41 நாள் ஒன்றுகூட விடுபடவில்லை. அதற்கு அடுத்த நாள் எழுதிய மாதிரித் தேர்வில் 200 கேள்விகளுக்கு 109 சரி. டிக் போடத் தொடங்கும் முன் எழுதியதில் 104. ஆக, 246 மணி நேரத்துக்கு ஐந்து கேள்விதான் கூடுதல்.

அவள் சோம்பேறி இல்லை. தவறு டிக்கில் இருந்தது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள், நல்லவேளை. புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் பொதுத்தமிழ், அதுவும் ஏற்கெனவே படித்து முடித்த ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகங்கள். 25 கேள்வி வரும் கணக்குப் பகுதிக்குப் பதினைந்து மணி நேரம்கூடப் போகவில்லை. தெரிந்த செய்யுளை மறுபடி வாசிக்கும் ஒரு மணிக்கும் வராத கணக்கோடு மல்லுக்கட்டும் ஒரு மணிக்கும் காலண்டரில் ஒரே மதிப்பு. அப்படியென்றால் மனம் எந்தப் பக்கம் சாயும்?

போட்ட அந்தப் பதினைந்து மணியும் பெரும்பாலும் வீடியோ பார்த்ததுதான். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் வட்டிக் கணக்கு பார்த்திருந்தாள். மறுநாள் ஒரு கணக்கு கொடுத்தேன்: 8,000 ரூபாய், ஆண்டுக்கு 5 சதவீதம், இரண்டு ஆண்டு. கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? பேனா நகரவில்லை. “சூத்திரத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும் சித்தி” என்றாள். இரண்டு ஆண்டுக்கு வித்தியாசம் P(r/100)², அதாவது 20 ரூபாய். முதல் ஆண்டு வட்டியான 400 ரூபாய்க்கு வரும் 5 சதவீத வட்டிதான் அந்த 20 என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். தேர்வறையில் பார்ப்பதற்குச் சூத்திரம் இருக்காதே.

இந்த மயக்கத்தை ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தே காட்டினார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61. ராத்திரி டிக் போடும்போது வரும் திருப்தி அந்த ஐந்தாவது நிமிடத்துத் திருப்திதான்.

சரி, அட்டவணையைக் கிழித்துவிட வேண்டுமா? வேண்டாம். தினமும் உட்கார வைக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. டிக்குக்கு உரிய வேலையைத்தான் மாற்றினோம். ஒரு தாளில் வரிசைக்கு ஒரு பாடம் எழுதி, படித்த அன்று, மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று மூன்று கட்டம் போட்டோம். ஒவ்வொன்றிலும் புத்தகத்தை மூடிவைத்துப் பத்துக் கேள்வி, வந்த மதிப்பெண் மட்டும் கட்டத்துக்குள். அன்றைக்கு உரிய கட்டங்களை நிரப்பினால் காலண்டரில் டிக். எத்தனை மணி நேரம் ஆனது என்பதை எங்கேயும் எழுதுவதில்லை.

முதல் வாரமே வட்டிக் கணக்கு வரிசையில் 8 என்று தொடங்கி, மூன்றாம் நாள் 4 ஆனது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த 4தான் உருப்படியான தகவல். 41 டிக்கும் சொல்லாததை அது சொன்னது. ஆறுக்குக் கீழே போனால் அந்தப் பாடம் மறுபடி முதல் கட்டத்துக்கு வரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அதே பத்துக் கேள்வியைத் திரும்பக் கொடுத்தால் விடை மனப்பாடமாகி 10 வந்துவிடும். எண்களை மாற்ற வேண்டும், அல்லது பழைய வினாத்தாளிலிருந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு, சங்கிலி அறுந்துவிடுமோ என்ற பயம். பழைய காலண்டரின் சில டிக்குகள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் புத்தகத்தை மடியில் வைத்துத் தூங்கி வழிந்து போட்டவை என்று அவளே ஒப்புக்கொண்டாள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் காய்ச்சல், கல்யாணம் என்றால் ஐந்து கேள்வி போதும் என்று வைத்தோம். அதுவும் முடியாவிட்டால் காலண்டரில் அன்றைய கட்டம் காலியாகவே இருக்கட்டும். மறுநாள் சேர்த்து நிரப்பக் கூடாது. தொடர்ந்து இரண்டு கட்டம் காலியானால் மட்டும் என்ன ஆயிற்று என்று பேசுவோம்.

இந்த மாதக் காலண்டரில் நான்கு கட்டம் காலி. வட்டிக் கணக்கு பத்தாம் நாள் கட்டத்தில் 9. அப்புறம் அவள் தொடவே தொடாமல் வைத்திருந்த ‘வேலையும் நேரமும்’ இன்று காலைதான் தாளில் ஒரு வரிசையாக ஏறியிருக்கிறது. முதல் மதிப்பெண் 3.