வெண்பா எழுதும்போது கடைசிச் சீரில் சறுக்குவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் குறள் வெண்பா என்று நம்பி ஒன்றை எழுதினேன். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். கணக்குச் சரியாக இருந்ததால் பெருமையோடு ஒரு தமிழாசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். "மூன்று இடத்தில் தட்டுகிறது" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

மழைவந்து போன பின்னாள் முளைக்கும்
மண்ணுக்குள் தூங்கும் உயிரே

ஏழு சீர் இருந்தால் குறள் வெண்பா என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. ஏழு சீரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு சீர் முடிகிற விதமும் அடுத்த சீர் தொடங்குகிற விதமும் பொருந்தினால்தான் அது வெண்பா. அந்தப் பொருத்தத்துக்குத் தளை என்று பெயர்.

இதைச் சோதிக்க முதலில் அலகிட வேண்டும், அதாவது சீரை அசைகளாகப் பிரிக்க வேண்டும். தனிக் குறிலோ தனி நெடிலோ வந்தால் நேரசை. இரண்டு குறில் இணைந்து வந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரையசை. பின்னால் வரும் புள்ளி எழுத்து முன் அசையோடு ஒட்டிக்கொள்ளும், தனியாக எண்ணப்படாது. 'போன' என்பது போ/ன, நேர் நேர், அதாவது தேமா. 'முளைக்கும்' என்பது முளைக்/கும், நிரை நேர், அதாவது புளிமா. 'மழைவந்து' என்பது மழை/வந்/து, நிரை நேர் நேர், அதாவது புளிமாங்காய்.

இரண்டு அசைகள் கொண்ட சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூன்று அசைகள் கொண்டு நேரில் முடிந்தால் காய்ச்சீர். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளச்சீருக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேர் வர வேண்டும். இவ்வளவுதான் விதி. இப்போது என் பாட்டைப் பாருங்கள். 'மழைவந்து' காய்ச்சீர், அடுத்த 'போன' நேரில் தொடங்குகிறது, நல்லது. 'போன' மாச்சீர், ஆனால் அடுத்த 'பின்னாள்' பின்/னாள் என்று நேரில் தொடங்குகிறது. முதல் தட்டல் இங்கே. மாவுக்குப் பின் நேர் வருவது ஆசிரியப்பாவுக்கு உரிய தளை. வாய்விட்டுப் படித்தால் அந்த இடத்தில் வெண்பாவின் செப்பலோசை அறுந்து அகவலோசை தலைகாட்டும்.

இரண்டாவது தட்டல் பலர் கண்ணில் படாது. ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். 'மண்ணுக்குள் தூங்கும்' என்பதில் காய்க்குப் பின் நேர், குற்றமில்லை. ஆனால் தளை அடியின் எல்லையில் நிற்பதில்லை. முதல் அடியின் கடைசிச் சீரும் இரண்டாம் அடியின் முதல் சீரும் கைகோக்க வேண்டும். 'முளைக்கும்' மாச்சீர், 'மண்' நேர். அடி மாறும் இடத்திலேயே தட்டிவிட்டது.

மூன்றாவது, ஈற்றுச் சீர். திரைப்பாடல் கேட்டு வளர்ந்த காது அடியின் முடிவில் ஒலி ஒற்றுமையைத் தேடும். 'வரும்', 'தரும்' என்று முடித்தால் பாட்டு அமைந்துவிட்டது என்று தோன்றும். அந்த இயைபு வெண்பாவுக்குக் கட்டாயமே இல்லை. ஒத்த ஒலியை வெண்பா அடியின் தலையில்தான், எதுகையாக எதிர்பார்க்கிறது. கடைசிச் சீரில் அது கேட்பது அளவை. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும். நாள் என்பது தனி நேரசை, மலர் என்பது தனி நிரையசை. அவற்றின் பின்னால் ஒரு குற்றியலுகரம் ஒட்டினால் முறையே காசும் பிறப்பும் ஆகும்.

'உயிர்' என்று நிறுத்தியிருந்தால் மலர். நான் உணர்ச்சி பொங்க ஓர் ஏகாரத்தைச் சேர்த்தேன், உயி/ரே என்று முழுப் புளிமா ஆகிவிட்டது. வெண்பாக்கள் கெடுவதற்கு இந்த ஏகாரம் ஒரு பெரிய காரணம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 'அன்பே', 'அழகே', 'வாழ்வே' எல்லாம் கேட்க இனிமையானவை, ஆனால் வெண்பாவை முடிக்க உதவாதவை. 'அன்பு' என்றால் காசு, 'அழகு' என்றால் பிறப்பு.

உகரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'காசு' போலவே ஒலிக்கிறதே என்று 'பசு'வையும் காசு வாய்பாட்டில் சேர்ப்பார்கள். தனிக் குறிலை அடுத்து வரும் உகரம் குறுகாது. 'பசு' இரண்டு குறில், ஆகவே நிரை, மலர் வாய்பாடு. 'அது', 'நடு' ஆகியவையும் அப்படியே. 'கனவு' போன்ற சொல்லின் உகரம் முற்றியலுகரம். யாப்பருங்கலக்காரிகையின் உரை இத்தகைய முடிவைச் சிறுபான்மையாக ஏற்கிறது என்றாலும், புதிதாக எழுதுகிறவர் குற்றியலுகரத்திலேயே பழகுவது நல்லது.

பாட்டைத் திருத்திய கதைக்கு வருகிறேன். 'பின்னாள்' போய் 'மறுநாள்' வந்தது. மறு/நாள், புளிமா. முன் சீரோடு பொருந்தியதோடு 'மழை'க்கு மோனையும் கிடைத்தது. 'மண்ணுக்குள்' இருந்த இடத்துக்கு நிரையில் தொடங்கும் காய்ச்சீர் தேவைப்பட்டது, 'புழுதிக்குள்' அகப்பட்டது. மழை, புழுதி என்று இரண்டாம் எழுத்தில் ழகர வருக்க எதுகையும் அமைந்தது. ஏகாரத்தை வெட்டினேன்.

மழைவந்து போன மறுநாள் முளைக்கும்
புழுதிக்குள் தூங்கும் உயிர்

இடையில் 'மழைவந்தபின்' என்றும் எழுதிப் பார்த்தேன். மழை/வந்/தபின், நிரை நேர் நிரை, புளிமாங்கனி. கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை, எங்கே வைத்தாலும் தவறுதான்.

அலகிடும்போது அச்சில் இருக்கும் இடைவெளியை நம்புவது இன்னொரு தவறு. யாப்பு செவிக்கு உரியது. 'காற்று அடித்து' என்று பிரித்து எழுதினால் தேமா, புளிமா என்று இரண்டு சீராகத் தெரியும், மாவுக்குப் பின் நிரையாகத் தளையும் பொருந்தும். ஆனால் உயிரெழுத்து வந்ததும் குற்றியலுகரம் கெட்டு 'காற்றடித்து' ஆகிவிடும். காற்/றடித்/து, ஒரே கூவிளங்காய். அடியில் ஒரு சீர் காணாமல் போய்விட்டது. மெய்யெழுத்தின் பின் உயிர் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 'தூங்கும் உயிர்' என்பதைப் பழைய அச்சு முறையில் 'தூங்கு முயிர்' என்று எழுதினாலும் தேமாவும் மலரும் அப்படியே இருக்கின்றன.

சரியான சீரைத் தவறென்று அடித்துவிடும் அபாயமும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் ஐகாரம்தான் காரணம். 'அன்னையவள்' என்ற சீரில் 'னை'யை நெடிலாக எண்ணினால் அன்/னை/யவள், தேமாங்கனி, வெண்பாவில் விலக்கு. ஆனால் சொல்லின் இடையில் வரும் ஐ குறுகிக் குறிலாக நிற்கும். அன்/னைய/வள் என்று பிரித்தால் கூவிளங்காய், குற்றம் ஒன்றுமில்லை.

என் தாளைத் திருத்தி மறுபடி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். இந்த முறையும் வாய்விட்டுத்தான் படித்தார். எங்கும் நிற்கவில்லை. "புழுதிக்குள் தூங்கினால் உயிர் தும்மாதோ?" என்று மட்டும் கேட்டார்.