புத்தகத்தை முழுதாகப் படிக்கலாமா? அரை மணி நேரத்தில் முடிவெடுக்கும் முறை

கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினால் சுவாரசியம் போய்விடும். அபுனைவு நூலுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆசிரியர் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடப்போகிறார் என்று முன்பே தெரிந்தால், வழியில் அவர் ஏன் புறாக்களைப் பற்றிப் பல பக்கம் பேசுகிறார் என்பதும் புரியும். அந்தப் பக்கங்கள் நமக்கு வேண்டாம் என்றால், அதுவும் முன்பே தெரிந்துவிடும்.

புறா என்று சும்மா சொல்லவில்லை. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலையே எடுத்துக்கொண்டு இந்த முறையைச் செய்து பார்ப்போம். பலரும் பெயர் கேட்டிருப்பார்கள், சிலர் வாங்கியும் வைத்திருப்பார்கள், ஆனால் முடித்தவர்கள் குறைவு. கீழே வரும் பக்க எண்கள் முதல் பதிப்புக்கு உரியவை. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் ஒரு அத்தியாயம் கூடியிருக்கிறது, அதனால் உங்கள் கையில் உள்ள பிரதியில் எண்கள் மாறலாம்.

படி 1: ஒரு கேள்வியை எழுதுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி. 'பரிணாமம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்' என்பது கேள்வி இல்லை. எந்தப் புத்தகமும் அதற்குக் கொஞ்சம் பதில் சொல்லிவிடும், நீங்களும் ஏமாந்துவிடுவீர்கள். 'குரங்கு போன்ற மூதாதையிலிருந்து மனிதன் எப்படி வந்தான்?' என்பது கேள்வி. 'கண் போன்ற சிக்கலான உறுப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியுமா?' என்பதும் கேள்வி. இந்த இரண்டையும் வைத்துக்கொள்வோம். ஒரே புத்தகம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக அமைவதைப் பார்க்கலாம்.

படி 2: பொருளடக்கம், ஐந்து நிமிடம்

பெரும்பாலோர் பொருளடக்கத்தில் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வலப்பக்கம் இருக்கும் எண்களையும் பாருங்கள். ஆசிரியரின் கவலை எங்கே இருக்கிறது என்பதை அவர் செலவழித்த பக்கங்கள் காட்டிக்கொடுக்கும்.

டார்வினின் நூல் 14 அத்தியாயம், 490 பக்கம். அவருடைய மையக் கருத்தான இயற்கைத் தேர்வுக்கு உரியது நான்காம் அத்தியாயம். 80இல் தொடங்கி 130இல் முடிகிறது, ஐம்பது பக்கத்துக்குச் சற்று அதிகம். அப்புறம் ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பைப் பாருங்கள்: கோட்பாட்டில் உள்ள சிக்கல்கள். அதற்குப் பின் இயல்பூக்கம், கலப்பினம், புவியியல் பதிவுகளின் குறைபாடு என்று மூன்று அத்தியாயம். 171 முதல் 311 வரை இந்த நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 140 பக்கம். தன் கருத்துக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபங்களுக்கு நூலில் கால் பங்குக்கும் மேல் ஒதுக்கியிருக்கிறார். எதிராளி என்ன கேட்பான் என்று யோசித்து எழுதியவர் என்பது ஒரு வரியும் படிக்காமலே தெரிந்துவிடுகிறது. எனக்கு ஒரு நூலின்மேல் நம்பிக்கை வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த நூலில் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்குக் கீழும் உட்பொருள்களையும் வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். ஆறாம் அத்தியாயத்தின் கீழ் 'மிகவும் செம்மையடைந்த உறுப்புகள்' என்று ஒரு வரி வரும். கண்ணைப் பற்றிக் கேட்டவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கலாம். மனிதனைப் பற்றிக் கேட்டவருக்கு எந்த அத்தியாயத் தலைப்பிலும் ஒன்றும் கிடைக்காது. இது முதல் எச்சரிக்கை.

சில புத்தகங்களில் தலைப்புகளே விடுகதையாக இருக்கும்: 'தூங்கும் யானை', 'மூன்றாவது கதவு' என்ற மாதிரி. அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. அப்படியானால் பொருளடக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பத்தியை மட்டும் படித்து, தலைப்புக்குப் பக்கத்தில் சொந்தமாக நாலு சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: முன்னுரை, பத்து நிமிடம்

முதலில் எது முன்னுரை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் புத்தகங்களில் பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை எல்லாம் தாண்டித்தான் ஆசிரியரின் முன்னுரையோ என்னுரையோ வரும். அணிந்துரை வேறொருவர் எழுதுவது, புகழ்வதற்கென்றே எழுதுவது. முடிவெடுக்கும் நேரத்தில் அதைத் தாண்டிவிடுங்கள். (இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். அருமையான ஓர் அணிந்துரையை நம்பி ஒரு தடித்த புத்தகத்தை வாங்கினேன். எழுத்து அணிந்துரைக்காரருடையதுதான் நன்றாக இருந்தது.)

முன்னுரையில் எதைத் தேடுவது? நன்னூல் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளைச் சொல்கிறது. அவற்றில் மூன்று நமக்குப் போதும்: நுதலிய பொருள், கேட்போர், பயன். எதைப் பற்றிச் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார், படித்தவனுக்கு என்ன கிடைக்கும். மூன்றுக்கும் முன்னுரையிலிருந்து ஒவ்வொரு வரியில் பதில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் குறை உங்களிடம் இல்லை.

டார்வினின் முன்னுரை ஆறே பக்கம். பீகிள் கப்பலில் போனபோது தென்னமெரிக்காவில் கண்டவை தன்னை யோசிக்க வைத்ததாகத் தொடங்குகிறார். தன் வேலை இன்னும் முடியவில்லை, உடல்நலம் சரியில்லை, மலாய்த் தீவுகளில் இருந்த இயற்கையியலாளர் வாலஸும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்துவிட்டார், அதனால்தான் இந்தச் 'சுருக்கத்தை' வெளியிடுகிறேன் என்கிறார். சுருக்கம் என்பதால் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரங்களை இங்கே தர இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒரு வாக்கியம் முக்கியம். அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து மூலங்களைத் தேடிப் போகும் எண்ணத்தில் இருப்பவர், இது அதற்கான நூல் இல்லை என்று இங்கேயே தெரிந்துகொள்கிறார்.

அதன் பிறகு எந்த அத்தியாயத்தில் என்ன வரும் என்று வரிசையாகச் சொல்கிறார். இப்படி வழி சொல்லும் பத்தி பல நல்ல நூல்களில் முன்னுரையின் பிற்பாதியில் இருக்கும். நேரம் இல்லாதவர்கள் முதலில் அதைத் தேடலாம்.

படி 4: முடிவுரை, பத்து நிமிடம்

முன்னுரையில் ஆசிரியர் வாக்குக் கொடுக்கிறார். அதைக் காப்பாற்றினாரா என்பது முடிவுரையில் தெரியும். அதனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஒப்பிட முடியாது.

டார்வினின் 14ஆம் அத்தியாயம் முப்பது பக்கத்துக்குமேல் போகும், அதனால் முழுவதையும் படிக்க வேண்டாம். முதல் பத்தியும் கடைசி நாலைந்து பக்கமும் போதும். முதல் வாக்கியத்திலேயே இந்த நூல் முழுவதும் ஒரே நீண்ட வாதம் என்கிறார். அப்படியானால் நடுவில் ஒரு அத்தியாயத்தைப் பிடுங்கிப் படித்தால் முன்னே சொன்னவை தேவைப்படும் என்பது நமக்குக் கிடைக்கும் செய்தி. கடைசிக்குச் சற்று முன்னால் மனிதனின் தோற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வருகிறது, அதன்மேல் வெளிச்சம் விழும் என்று. அவ்வளவுதான். மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவருக்கு இதுவே கடைசிப் பதில்: இது உங்கள் புத்தகம் இல்லை. அதற்கென்று அவர் தனி நூல் எழுதியது 1871இல்.

முடிவுரை ஏமாற்றுவதும் உண்டு. சில நூல்களில் கடைசி அத்தியாயம் முழுக்க ஊக்கமூட்டும் பேச்சாக இருக்கும். வாருங்கள், இன்றே தொடங்குவோம் என்று முடியும். அதை வைத்து நூல் வெறும் பேச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு முந்தைய அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்தைப் பாருங்கள், சரக்கு அங்கே இருக்கலாம். அங்கேயும் முன்னுரையில் சொன்னதே அதே சொற்களில் திரும்ப வந்தால், நடுவில் உள்ள பக்கங்கள் ஒரே கருத்துக்கு உதாரணம் அடுக்குவதற்குத்தான் போயிருக்கும். முன்னுரை மட்டுமே உங்களுக்குப் போதும்.

படி 5: இரண்டு பக்கச் சோதனை

இப்போது கேள்விக்கு மிக அருகில் வரும் இடத்தைத் திறந்து இரண்டு பக்கம் நிதானமாகப் படியுங்கள். கண்ணைப் பற்றிக் கேட்டவர் பென்சில் புள்ளி வைத்த இடத்துக்குப் போகலாம். நடை ஒத்துவருகிறதா, வாதம் பிடிபடுகிறதா என்பதுதான் சோதனை.

நூலின் கடைசியில் சொல்லடைவு இருந்தால் இடத்தைத் தேடுவது எளிது; மின்நூலில் தேடல் வசதி உண்டு. ஆனால் நம் சொல்லைக் கொண்டு தேடினால் ஏமாறலாம். டார்வினின் முதல் பதிப்பில் பரிணாமத்துக்கான 'எவல்யூஷன்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கடைசிச் சொல்லாக 'எவால்வ்ட்' மட்டும் வருகிறது. அவர் பேசுவது 'மாற்றங்களோடு வழிவருதல்' பற்றி. ஆகவே முன்னுரையும் முடிவுரையும் படித்து ஆசிரியரின் சொற்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சொல்லடைவுப் பக்கம் போக வேண்டும்.

படி 6: சீட்டில் முடிவை எழுதுங்கள்

முழுதாகப் படிக்கிறேன், இந்த அத்தியாயங்கள் மட்டும், வேண்டாம் என்று மூன்றே முடிவுகள். 'அப்புறம் பார்க்கலாம்' என்பது நாலாவது முடிவாக நுழையப் பார்க்கும், விடாதீர்கள். அரை மணி நேரம் செலவழித்ததே அதைத் தவிர்க்கத்தான். கண்ணைப் பற்றிக் கேட்டவரின் சீட்டில் இப்படி இருக்கும்: 'நான்காம் அத்தியாயம் முழுதும், பிறகு ஆறாம் அத்தியாயம். நீண்ட வாதம் என்கிறார், அதனால் நாலைப் படிக்காமல் ஆறுக்குப் போகக் கூடாது.' மனிதனைப் பற்றிக் கேட்டவரின் சீட்டில்: 'வேண்டாம். 1871 நூலைத் தேட வேண்டும்.'

இந்த முறை ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பும் நூல்களுக்கே பொருந்தும். தன்வரலாறு, பயண நூல் போன்றவற்றில் முடிவுரையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அங்கே நடுவில் பத்துப் பக்கம் படித்துப் பார்ப்பதுதான் வழி. கட்டுரைத் தொகுப்பு என்றால் ஏதாவது இரண்டு கட்டுரைகளின் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களிலோ பெரும்பாலும் முன்னுரையோடு நிறுத்திவிடுவார்கள், முடிவுரை இருக்காது. நூலகப் பிரதி கிடைத்தால்தான் நாலாம் படியைச் செய்ய முடியும்.

சீட்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 'வேண்டாம்' என்று எழுதிய சீட்டில் தேதியையும் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு கேள்வியோடு அதே புத்தகத்தை எடுக்கும்போது, முன்பு எதற்காகத் தள்ளிவைத்தோம் என்று தெரியும்.