ஏலக்காய்ப் பக்கத்தில் ஒட்டிய ரம்மி இணைப்புகள்

குமுளியில் ஏலக்காய் சாகுபடி பற்றி வலைப்பூ எழுதும் தோழி பதறிப்போய் அழைத்தார். கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலின் Links பக்கத்தில், முன்பின் தெரியாத நாற்பது தளங்கள் அவருக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. இணைப்பு வாசகமே காட்டிக்கொடுத்தது: ஏலக்காய்க் கட்டுரைக்கு "ஆன்லைன் ரம்மி" என்று யார் இணைப்புத் தருவார்கள்? ஒரு தளத்தைத் திறந்தோம். நூற்றுக்கணக்கான இணைப்புகள், படிக்க ஒரு பத்திகூட இல்லை.

இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ' எனப்படும் நிராகரிப்புப் பட்டியலை அவர் அனுப்பத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். இப்படித் தானாக வந்து ஒட்டும் குப்பையைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்கள் எடுத்த நடவடிக்கையைக் காட்டும், சர்ச் கன்சோலின் Manual actions பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம். இயற்கைக்கு மாறான இணைப்புகள் என்று அங்கே எச்சரிக்கை வந்தாலோ, நீங்களே காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளால் அது வரக்கூடும் என்றாலோதான் பட்டியல் தேவை. அப்போதும் முதலில் அந்தத் தளத்தாரிடம் நீக்கச் சொல்லுங்கள். நீக்காதவற்றை மட்டும் .txt கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்:

```
domain:example.com
```

தோழியின் பட்டியலில் கம்பத்து உரக்கடை ஒன்றின் தளமும் இருந்தது. பெயர் பழக்கமில்லை என்பதால் சேர்த்திருக்கிறார். திறந்து பார்த்தால், அவருடைய தண்டுதுளைப்பான் கட்டுரையை விவசாயிகளுக்குப் பரிந்துரைத்திருந்தார்கள்!