பழைய முகவரி நோட்டைப் பட்டியலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாண சீசனில் பத்திரிகை அடிக்கும் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வரும். வீட்டுப் பெரியவர் பல வருஷமாகக் கையால் எழுதி வைத்த முகவரி நோட்டைக் கொண்டுவந்து, "ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, அட்ரஸ், போன் நம்பர். அகர வரிசையில அடிச்சுக் குடுங்க" என்பார்கள். பார்த்து அடிக்கும் வேலைதானே என்று நானும் முதலில் நினைத்தேன்.

இதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நோட்டில் இருக்கும் ஒரு பதிவு தனியாக இருப்பதில்லை. மேலே உள்ள வரி, பக்கத்தின் ஓரத்தில் உள்ள எழுத்து, இரண்டு பெயரைச் சேர்த்துப் போட்ட அடைப்புக்கோடு எல்லாமே அதற்குத் துணை நிற்கின்றன. அகர வரிசையில் போட்டவுடன் அந்தப் பக்கம் கலைந்து போகிறது. பக்கம் சொல்லிக்கொண்டிருந்ததை வரிக்குள் முன்பே எழுதி வைக்காவிட்டால், அது திரும்பக் கிடைக்காது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ‘மேற்படி’. பழைய ஆட்கள் ஒரே முகவரியை இரண்டு முறை எழுத மாட்டார்கள். ‘௸’ என்று ஒரு குறி போடுவார்கள். பார்ப்பதற்கு ‘ஷை’ போல இருக்கும், மேற்படி என்று பொருள். சிலர் இரண்டு சிறு கோடு போட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் நான் அதை அப்படியே அடித்து வரிசைப்படுத்திவிட்டேன். நோட்டில் தண்டையார்பேட்டை முகவரிக்குக் கீழே இருந்த ‘மேற்படி’, பட்டியலில் பெரம்பூர் முகவரிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. பட்டியலைப் பார்த்து உறையில் எழுதியவர்கள் பெரம்பூர் முகவரியையே எழுதினார்கள். இரண்டு பத்திரிகைகள் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நோட்டில் இருப்பது இது (பெயரும் தெருவும் நான் உதாரணத்துக்கு வைத்தவை):

வி. கணேசன், 31/14 பிள்ளையார் கோயில் தெரு, சென்னை-21. 59× ××××
௸ மச்சான் முருகன், ௸ மாடி

பட்டியலுக்கு இது இரண்டு தனி வரிகளாக மாற வேண்டும்:

கணேசன் வி. | 31/14, பிள்ளையார் கோயில் தெரு, சென்னை 600021 | 59× ×××× | ப. 23
முருகன் (வி. கணேசனின் மச்சான்) | மாடி, 31/14, பிள்ளையார் கோயில் தெரு, சென்னை 600021 | – | ப. 23

இப்போது முருகன் ‘மு’வில் எங்கே போனாலும் அவர் வீடு அவரோடு போகும். கடைசியில் இருக்கும் ‘ப. 23’ நோட்டின் பக்க எண். வேலை தொடங்கும் முன் நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பென்சிலால் எண் போட்டுவிடுவேன். கொடுத்தவர் பக்க எண் வேண்டாம் என்றால் கடைசியில் அந்தப் பத்தியை நீக்கிக்கொள்ளலாம். அதுவரை அது இல்லாமல் ஒரு வரியைக்கூட நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

அந்த 31/14 என்பதில் கை வைக்கவில்லை, கவனித்தீர்களா? சென்னையில் வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. சிலர் புது எண்ணை முன்னால் எழுதுவார்கள், சிலர் பின்னால். சில வீடுகளில் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது உட்பிரிவு எண்ணாகவும் இருக்கும். நாமாக ‘பு.எண் 31, ப.எண் 14’ என்று பிரித்தால் நோட்டில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் பிரித்து எழுதுங்கள்.

சென்னை-21 என்பதை 600021 ஆக்கியது சரி, ஏனென்றால் பின்கோடின் கடைசி இலக்கங்கள்தான் அவை. ஆனால் ‘டி.எச். ரோடு’ என்று மட்டும் எழுதியிருந்தால் பின்கோடைச் சேர்க்காதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலை பழைய வண்ணாரப்பேட்டையில் ஆரம்பித்து, தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை போகிறது. ஒரே ரோட்டில் 21, 81, 19 மூன்றுமே வரும்.

எண்களைப் படிப்பதில்தான் அதிக நேரம் போகும். ஒவ்வொருவர் கையிலும் 1-ம் 7-ம், 4-ம் 9-ம், 0-ம் 6-ம் ஒவ்வொரு மாதிரி. புரியாத எண்ணை உற்றுப் பார்த்து ஊகிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குப் பதிலாக, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணை அதே கையெழுத்தில் தேடுங்கள். நான் பின்கோடைத்தான் முதலில் பார்ப்பேன். ராயபுரம் 600013, தண்டையார்பேட்டை 600081, வியாசர்பாடி 600039, சௌகார்பேட்டை 600079, எண்ணூர் 600057. ஊர்ப்பெயரைப் பார்த்தாலே எண் இன்னதுதான் என்று தெரிந்துவிடும். அவர் 7 எப்படிப் போடுகிறார் என்பதை சௌகார்பேட்டை முகவரியிலும், 3 எப்படி என்பதை ராயபுரத்திலும் பார்த்துவிடலாம். 044 எங்காவது இருந்தால் 4-ம் கிடைத்தது. இவற்றை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் எண்களைப் படித்தால் பாதிச் சந்தேகம் தீரும். மீதிக்கு, தெளிவில்லாத இலக்கத்தின் இடத்தில் ‘?’ போடுங்கள். தப்பான இலக்கத்தைவிட அது மேல். ஒரு கேள்விக்குறியைப் பார்த்தால் யாராவது விசாரிப்பார்கள். தப்பான எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். சென்னையின் லேண்ட்லைன் ஆறு இலக்கமாக இருந்து, ஏழாகி, பிறகு முன்னால் 2 சேர்ந்து எட்டானது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் எட்டு இலக்க எண்கள் பெரும்பாலும் 25 என்று தொடங்கும். அதனால் நோட்டில் 59 என்று தொடங்கும் ஏழு இலக்க எண் இருந்தால், அது 2 சேர்வதற்கு முன் எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். இருந்தாலும் போன் பத்தியில் நோட்டில் உள்ளதையே எழுதுங்கள். 2 சேர்த்த எண்ணைக் குறிப்பாகத் தனியே கொடுங்கள். அந்த எண்ணுக்குப் போன் அடித்துப் பார்த்து ஆள் எடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆறு இலக்க எண்ணை இப்படிக் கணக்குப் போட்டு மாற்ற வழியில்லை, அதைத் தொடாதீர்கள்.

எக்ஸலில் அடிப்பவர்கள் போன் பத்தியை முதலிலேயே Text என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 044-இன் முதல் 0 காணாமல் போகும். அடித்து முடித்த பிறகு மாற்றினால் போன 0 திரும்பி வராது.

அப்புறம் பெயர். கடையில் விற்கும் முகவரி நோட்டுகளில் ஓரத்தில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்களும் அந்தப்படியேதான் போடுவார்கள். கணேசன் ஒரு பக்கம், கண்ணன் வேறு பக்கம். தமிழில் இரண்டும் ‘க’. சந்திரனும் சண்முகமும் அதே மாதிரி பிரிந்து கிடப்பார்கள். நோட்டின் பக்க வரிசையிலேயே போனால் தமிழ் வரிசை வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று, எஸ் பக்கம் நிரம்பிவிட்டால் மீதிப் பெயர்கள் க்யூ, எக்ஸ் பக்கங்களுக்குப் போய்விடும், ஏனென்றால் அங்கே எழுதுவதற்கு ஆட்களே இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கங்களைக் காலி என்று நினைத்துப் புரட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டுவிட வேண்டும். முன்னால் இருந்தால் வி. கணேசன் ‘வி’யில் போய் நிற்பார். ‘பால்காரர்’, ‘சித்தி வீடு’ போன்றவற்றுக்கு உள்ளே ஒரு பெயர் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். போன வருஷம் நோட்டு கொண்டுவந்த ஒரு பாட்டியிடம், "பாட்டிம்மா, ‘கொருக்குப்பேட்டை அக்கா’ன்னு இருக்கே, யாருங்க?" என்று கேட்டேன். "அது எங்க ஓரகத்தி, தம்பி. பேரு கண்ணம்மா. அவரு எழுதினதால அக்கான்னு போட்டிருக்காரு" என்றார். எழுதியவருக்கு அண்ணி முறை. அவர் அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறார். உறவுமுறை எழுதினவர் பக்கத்திலிருந்து வரும், பட்டியலைப் பயன்படுத்தப் போகிறவரோ வேறு ஆள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும். எக்ஸலில் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் Sort Warning என்று ஒரு பெட்டி வரும். அதில் Expand the selection என்பதைத்தான் கொடுக்க வேண்டும். மற்றதைக் கொடுத்தால் பெயர்கள் மட்டும் நகர்ந்து, முகவரிகள் பழைய இடத்திலேயே நிற்கும். பார்த்தால் பட்டியல் ஒழுங்காகவே தெரியும், அதுதான் பயங்கரம்.

கணினி தமிழை எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சில நிரல்கள் அகராதி முறையில் போகும், சில நிரல்கள் எழுத்துக்கு உள்ளே இருக்கும் யூனிகோட் எண்ணைப் பார்த்துப் போகும். கண்ணன், கணபதி, கணேசன், வேலு, ஜெயா என்ற ஐந்து பெயரைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்துங்கள். நான் சொன்ன இதே வரிசையில் வந்தால் அகராதி முறை. கணபதி, கணேசன், கண்ணன், ஜெயா, வேலு என்று வந்தால் எண் முறை. அதில் புள்ளி வைத்த எழுத்து கடைசிக்குப் போகும், ‘ஜ’ வந்து ‘ச’வுக்கு அடுத்து நிற்கும், ‘வ’வுக்குப் பின்னால் வர வேண்டிய ‘ழ’வும் ‘ள’வும் முன்னால் வந்துவிடும். LibreOffice Calc-இல் Sort பெட்டியின் Options பகுதியில் Language என்பதைத் தமிழாக மாற்றி, அதே ஐந்து பெயரை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாக வராவிட்டால், சில நூறு வரிகள் என்றால் கையாலேயே வெட்டி ஒட்டிவிடலாம். ‘ஜ’வை ‘ச’வுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தேட வசதி என்று சில வீடுகளில் சொல்வார்கள், அப்படியானால் எல்லா ‘ஜ’வும் அங்கேயே இருக்கட்டும்.

சரிபார்ப்பது இருவர் வேலை. ஒருவர் பட்டியலிலிருந்து வாசிக்க, மற்றவர் பக்க எண்ணை வைத்து நோட்டைப் பார்க்க வேண்டும். போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசியுங்கள். நோட்டில் எத்தனை பதிவு, பட்டியலில் எத்தனை வரி என்ற கணக்கும் ஒத்துவர வேண்டும். ஒரே ஆள் மூன்று பக்கத்தில் இருந்தால், வீட்டுக்காரர் சொல்லும்வரை மூன்று வரியாகவே விடுங்கள். நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்ட முகவரியையும் ‘அடித்தது’ என்று குறித்துச் சேர்த்துவிடுவேன், சில நேரம் அதுதான் சரியான முகவரியாக இருந்திருக்கிறது.

அந்தப் பாட்டியின் நோட்டில் 11 சந்தேகங்களை எழுதிக்கொண்டு போனேன். பத்துக்குப் பதில் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. காசிமேட்டு முகவரி, பெயரின் இடத்தில் ‘தாஸ்’ என்று இருந்தது. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகள் மீது தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. "அவரைத்தான் கேக்கணும், அவரு இல்லையே" என்றார். பட்டியலில் அந்த வரி ‘?தாஸ்’ என்று, பக்க எண்ணோடு, இன்னும் கடைசியில் இருக்கிறது.