K குறைந்திருக்கிறது, ஆனாலும் விடை தப்பு: இரண்டு வெப்பநிலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் வீட்டிலேயே வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மழைக்காலச் சாயங்காலம், கரண்ட் போய் பேட்டரி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பையன் நோட்டை என் பக்கம் தள்ளினான். அம்மோனியா வினைக்கு 298 K-இல் சமநிலை மாறிலி K-ஐக் கொடுத்து, 400 K-இல் எவ்வளவு என்று கேட்ட கணக்கு. அவன் எழுதியிருந்த விடை 5200. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் நான் எழுதிய அதே எண் இது.

எல்லோரும் பயன்படுத்தும் வாய்ப்பாடு இதுதான்:

```
ln(K2/K1) = (ΔH°/R) × (1/T1 − 1/T2)
R = 8.314 J/(mol·K)
```

செல்சியஸ், கிலோஜூல், குறி

இவற்றில் தப்பினால் விடையே அபத்தமாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். விட்டுவிடுகிறேன்.

ΔH° எந்தச் சமன்பாட்டுக்கு உரியது?

இந்தத் தவறைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் இது காட்டிக்கொடுக்காது. வினை இது:

```
N2 + 3H2 ⇌ 2NH3     K(298 K) ≈ 5.8 × 10^5
```

பையன் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் புரட்டி, அம்மோனியாவின் உருவாதல் என்தால்பி −45.9 kJ/mol என்று எடுத்தான். எண்ணில் தப்பில்லை. ஆனால் அது ஒரு மோல் அம்மோனியா உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம். K எழுதப்பட்டிருப்பதோ இரண்டு மோல் உண்டாகும் சமன்பாட்டுக்கு. அதற்குரிய ΔH° −91.8 kJ. K ஒரு சமன்பாட்டுக்கும் ΔH° இன்னொரு சமன்பாட்டுக்கும் என்று போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே வரியில் பெருக்கியிருக்கிறான்.

298.15 K, 400 K ஆகிய இரண்டின் தலைகீழிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 0.000854. −45.9 kJ-ஐப் போட்டால் வலப்பக்கம் −4.71 வருகிறது, K 0.009 மடங்காகச் சுருங்கி 5200 ஆகிறது. −91.8 kJ-ஐப் போட்டால் −9.43, K சுமார் 47. பாதி வெப்பத்தைப் போட்டதற்கு விடையும் பாதியளவில்தான் விலகும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இங்கே ΔH° அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் விடை நூறு மடங்குக்கு மேல் தவறிப்போகிறது.

"சயாமா, வெப்பம் உமிழும் வினை, சூடு ஏற்றினா K குறையணும், குறைஞ்சிருக்கே. சரியாத்தானே வந்திருக்கு?" என்றான். லெ ஷாட்லியே விதியை வைத்து அவன் சரிபார்த்தது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த விதி திசையை மட்டும் சொல்லும், அளவைச் சொல்லாது. −45.9 ஆனாலும் −91.8 ஆனாலும் திசை ஒன்றுதான்.

நான் ஏமாந்தது இன்னும் மோசமான வழியில். கல்லூரி செய்முறை அறிக்கைக்காக எட்டு வெப்பநிலைகளுக்கு இப்படியே K கணக்கிட்டு, 1/T-க்கு எதிரே ln K-ஐ வரைபடமாகப் போட்டேன். புள்ளிகள் அத்தனையும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அதைப் பார்த்த நிம்மதியில் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து முழுவதையும் திரும்ப எழுதச் சொன்னார்கள். நேர்கோட்டுச் சமன்பாட்டில் போட்டு எடுத்த எண்கள் நேர்கோட்டில்தானே விழும்! ΔH° எவ்வளவு தப்பாக இருந்தாலும் கோடு நேராகத்தான் வரும். சாய்வு மட்டும் மாறும். அளந்து எடுத்த K-க்கள் நேர்கோட்டில் விழுந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. கணக்கிட்டு எடுத்தவை விழுந்தால் அது எதற்கும் சாட்சி அல்ல.

கண்டுபிடிக்கும் வழியை அந்தப் பையனுக்கு அன்றே போட்டுக் காட்டினேன். சமன்பாட்டைப் பாதியாக்கி, ஒரு மோல் அம்மோனியாவுக்கு எழுதுங்கள். சமன்பாடு பாதியானால் K வர்க்கமூலமாகும்: 5.8 × 10^5-இன் வர்க்கமூலம் 762. இப்போது −45.9 kJ-ஐப் போடுவது முறைதான். 762-ஐ 0.00896-ஆல் பெருக்கினால் 6.83. இதை வர்க்கப்படுத்தினால் 46.6, அதே 47. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் K-யும் ΔH°-உம் ஒரே சமன்பாட்டைச் சேர்ந்தவை. பையன் அந்த வர்க்கத்தைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, 5200-ஐ அடித்தான்.

திருப்பிப் போடும் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. இரண்டு வெப்பநிலைகளில் K-ஐ அளந்து ΔH° கண்டுபிடித்தால், கிடைப்பது அந்த K எந்தச் சமன்பாட்டுக்கு எழுதப்பட்டதோ அதற்குரிய ΔH°. அதை அட்டவணை எண்ணோடு ஒப்பிட்டு, "சரியாக இரண்டு மடங்கு வருகிறதே" என்று திகைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் டியூஷனில் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன்: முழுச் சமன்பாட்டை எழுதி, அதன் அடியில் K, அதற்கும் அடியில் ΔH°. பிறகுதான் கால்குலேட்டரைத் தொட வேண்டும்.

1/T-ஐ முன்கூட்டியே சுருக்குவது

குளிர்சாதன ஆய்வகத்தில் 25 °C, வெளியே யாங்கோன் வெயிலில் 35 °C. பழுப்பு நிற NO2 நிரம்பிய மூடிய குடுவையை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்தால் நிறம் அடர்வது கண்ணுக்கே தெரியும். N2O4 ⇌ 2NO2 வினைக்கு ΔH° +57.2 kJ, 25 °C-இல் K 0.148. 1/298.15-ஐ 0.0034 என்றும் 1/308.15-ஐ 0.0032 என்றும் எழுதினால் வித்தியாசம் 0.0002 ஆகிவிடும். உண்மையில் அது 0.000109. K ஏறக்குறைய நான்கு மடங்காகக் கூடுகிறது என்று வரும். சரியான விடை 2.1 மடங்கு, அதாவது 0.313. அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கழிப்பதால் வரும் கோளாறு இது. கழிக்கவே வேண்டாம், இப்படி எழுதுங்கள்:

```
1/T1 − 1/T2 = (T2 − T1)/(T1 × T2)
```

மேலே 10, கீழே 298.15 × 308.15.

Kc-ஐ அப்படியே போடுவது

வாயு வினையில் ΔH° Kp-யோடு சேரும். Kc கொடுத்திருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெகுதூரம் தாண்டுவது

இந்த வாய்ப்பாடு ΔH° மாறாது என்று வைத்துக்கொண்டு எழுதியது. பத்து இருபது டிகிரிக்கு அது பொருந்தும். அம்மோனியாவை 25 °C-யிலிருந்து ஒரே தாவலில் 500 °C-க்குக் கொண்டுபோனால் K 7.6 × 10^−5 என்று வருகிறது. உண்மையான மதிப்பு சுமார் 1.45 × 10^−5. ஐந்து மடங்கு வித்தியாசம். நான்கு மோல் வாயு இரண்டாகக் குறைவதால் இரு பக்கத்து வெப்பக் கொள்ளளவும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் ΔH° −91.8-இல் நிற்காமல் 500 °C வாக்கில் −107 kJ அளவுக்குப் போய்விடுகிறது.

பக்கத்தில் ஒரு K தெரிந்தால் அங்கிருந்து கிளம்புங்கள். 450 °C-இல் K சுமார் 4.5 × 10^−5. அங்கிருந்து −107 kJ-ஐப் போட்டு 500 °C-க்குப் போனால் 1.42 × 10^−5 கிடைக்கிறது. பழைய −91.8-ஐயே போட்டாலும் 1.68 × 10^−5 வரும். ஐந்து மடங்காக இருந்த பிழை, உண்மையான மதிப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது.