கோகைனும் மதுவும்: நெஞ்சுவலி நோயாளியிடம் செய்யக்கூடாத தவறுகள்

லண்டனில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறேன். வார இறுதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் வருவார்கள். புதிதாகச் சேரும் மருத்துவர்கள் அங்கே செய்யும் தவறுகள் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. ஈசிஜி எடுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதை நர்ஸே திருத்திவிடுவார்.

கோகைனுக்கு மட்டும் நேரக் கணக்குப் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முப்பது வயதுக்காரர் ஒருவர். இரவு 10 மணிக்குக் கோகைன், கூடவே வோட்கா, 3 மணிக்கு நெஞ்சு இறுக்கம். ரத்தத்தில் கோகைன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். ஐந்து மணி நேரமாகிவிட்டதே, இது வாயுத் தொல்லைதான் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார் இளம் மருத்துவர். வோட்காவைக் குறிப்பில் எழுதியிருந்தார், கணக்கில்தான் சேர்க்கவில்லை.

கல்லீரலில் உள்ள ஒரு நொதி வழக்கமாகக் கோகைனை உடைத்துச் செயலிழக்க வைக்கும். மது இருந்தால் அதே நொதி கோகைனையும் மதுவையும் இணைத்து கோகாஎத்திலீன் என்ற புதுப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. இது கோகைனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தங்கும். இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் சோடியம் வாயில்களை இன்னும் பலமாக அடைக்கும். போதாக்குறைக்கு, கோகைன் உடைவதையே மது தாமதப்படுத்துவதால் அதன் அளவும் ஏறுகிறது.

கோகைன் தனியாகவே இதயத்தை இரண்டு பக்கமும் நெருக்கும். நாராட்ரினலின் நரம்புக்குள் திரும்பாமல் தேங்குவதால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து இதயத் தமனிகள் சுருங்கும், ரத்தத் தட்டுகளும் ஒட்டிக்கொள்ளும். இந்த நெருக்கடியைத்தான் கோகாஎத்திலீன் இழுத்துக்கொண்டே போகிறது.

அனுப்பாமல் படுக்க வைத்தோம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம் டிரோபோனின். முதல் டிரோபோனின் சரியாக இருந்தது, சில மணி நேரம் கழித்து எடுத்தது ஏறியிருந்தது. ஆஸ்பிரின், நைட்ரோகிளிசரின், பதற்றத்தைத் தணிக்கும் டயாசிபம் கொடுத்ததில் வலி அடங்கியது. ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. தமனி இறுகியதால் வந்த பாதிப்பு அது.

முதல் டிரோபோனினை நம்பி அனுப்புவது

இன்னொன்று எடுங்கள்.

துடிப்பைக் குறைக்க உடனே பீட்டா பிளாக்கர்

முதல் மருந்தாக வேண்டாம். தமனி இன்னும் சுருங்கிவிடலாம். டயாசிபத்தில் தொடங்குங்கள்.

“மது குடித்தால் சமனாகிவிடும்”

இது கோகைன் எடுத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறு. கோகைன் இருக்கும்போது மதுவின் மயக்கம் தெரியாது. அதனால் இன்னும் குடிப்பார்கள், கோகாஎத்திலீன் இன்னும் உருவாகும். கூட வரும் நண்பர்கள் பயந்துகொண்டு மதுவை மட்டும் சொல்வார்கள், கோகைனை மறைப்பார்கள். இரண்டையும் சொல்லுங்கள், கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் சேர்த்து.